வொலட்டிலிட்டி சர்ஃபேஸில் காலண்டர், பட்டர்ஃபிளை மீறல்களைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்ஃபேஸ் எங்களுக்கு வெளியிலிருந்து தயாராகவே வருகிறது. படம் போட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் ஏன் சோதிக்க வேண்டும்?

படத்தில் தெரிவது வொலட்டிலிட்டியின் உயரம் மட்டும். சாதாரண கால், புட் விலைக்கு அந்த உயரம் போதும். லோக்கல் வொலட்டிலிட்டி, டிஜிட்டல், பேரியர் என்று போனவுடன் சரிவும் வளைவும் விலைக்குள் வந்துவிடுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே கெட்டுப்போகக் கூடியவை.

மொத்த வேரியன்ஸ் w = σ²T என்றும், k = ln(K/F) என்றும் வைத்துக்கொண்டால் டுபைர் சூத்திரம் ஒரே ஒரு பின்னமாகிறது:

```
σ_loc²(k,T) = (∂w/∂T) / g(k,T)
g = (1 − k·w'/(2w))² − (w'²/4)·(1/w + 1/4) + w''/2
```

இங்கே w', w'' இரண்டும் k-ஐப் பொறுத்த வகையீடுகள். மேலே இருப்பது எதிர்மறையானால் காலண்டர் மீறல். கீழே இருக்கும் g எதிர்மறையானால் பட்டர்ஃபிளை மீறல், அதாவது அந்த ஸ்ட்ரைக்கில் நிகழ்தகவு அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. இரண்டையும் தனித்தனியாகவே பாருங்கள். மேலும் கீழும் சேர்ந்து எதிர்மறையானால் பின்னம் நேர்மறையாக வந்து, எல்லாம் சரி என்று ஏமாற்றிவிடும்.

முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த விலைகளை வைத்து யாராவது நிஜமாகவே இலவசப் பணம் எடுக்க முடியுமா என்பது ஒன்று. இதற்குப் பிட், ஆஸ்க் விலைகள்தான் பதில் சொல்லும். இந்த சர்ஃபேஸ் என் மாடலுக்குச் செரிக்குமா என்பது மற்றொன்று. அதற்கு மாடலுக்குள் போகப்போகும் அதே மிட் விலையைத்தான் சோதிக்க வேண்டும். முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் தோற்கும் சர்ஃபேஸ்கள் ஏராளம். இரண்டையும் ஒரே கொடியாகக் குறித்துவைக்கும் சோதனை, தினமும் நூறு பொய் எச்சரிக்கை கொடுத்துக் கடைசியில் யாரும் பார்க்காத மின்னஞ்சலாகிவிடும்.

சோதனைக்கு முன்னால் எந்தெந்தத் தரவு கையில் இருக்க வேண்டும்?

ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் பிட், ஆஸ்க், அவை பதிவான நேரம். ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் ஃபார்வர்டும் டிஸ்கவுன்ட் காரணியும். இவற்றோடு, வொலட்டிலிட்டியைக் கணக்கிடும்போது தந்தவர் காலத்தை எப்படி எண்ணினார் என்ற விவரம். அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இந்தக் கடைசி விவரம்தான்.

விலையிலிருந்து நேரடியாகக் கிடைப்பது w. அதை T-யால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால்தான் σ. தந்தவர் நாட்காட்டி நாளை 365-ஆல் வகுத்திருக்க, நீங்கள் வேலைநாளை 252-ஆல் வகுத்துப் பெருக்கினால், விலையில் இல்லாத ஒரு w உங்கள் கையில் இருக்கும். நீண்ட எக்ஸ்பைரியில் வித்தியாசம் சொற்பம். இரண்டு மூன்று நாளில் முடியும் எக்ஸ்பைரியில், இடையில் ஒரு வாரஇறுதி வந்துவிட்டால், அதுவே காலண்டர் மீறலை உண்டாக்கவும் செய்யும், இருக்கும் மீறலை மறைக்கவும் செய்யும். ஐயம் இருந்தால் σ-வை விட்டுவிட்டு விலைக்கே போய்விடுங்கள்.

ஃபார்வர்டை எங்கிருந்தோ எடுக்காமல், அதே ஆப்ஷன் விலைகளிலிருந்து எடுப்பது நல்லது. ஐரோப்பிய வகை ஆப்ஷனில் C − P = D·(F − K). ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏழெட்டு ஸ்ட்ரைக்குகளின் C − P மதிப்புகளை K-க்கு எதிராக நேர்கோட்டில் பொருத்தினால், சாய்வு −D, கோடு பூஜ்யத்தைத் தொடும் இடம் F.

காலண்டர் சோதனையை ஒரு கணக்கோடு காட்ட முடியுமா?

விதி இதுதான்: ஒரே k-யில், T கூடும்போது w குறையக் கூடாது. σ குறையலாம், அது தவறே இல்லை. எக்ஸ்பைரிக்கு எக்ஸ்பைரி σ இறங்குவதைப் பார்த்துப் பதறுபவர்கள் σ²T-யைப் பார்க்கவில்லை என்று பொருள்.

30 நாள் எக்ஸ்பைரியில் மிட் 32%, 60 நாளில் மிட் 22%, இரண்டும் k = 0 என்று கொள்வோம். ஒப்பிடுவதற்கு 365-ஆல் வகுக்கக்கூடத் தேவையில்லை. σ²-ஐ நாட்களால் பெருக்கினால் போதும். 32² × 30 = 30,720. 22² × 60 = 29,040. இரண்டாவது சிறியது, ஆகவே மீறல். 60 நாளுக்கு இருந்திருக்க வேண்டிய குறைந்தபட்சம் √(30,720/60) = 22.63%.

விலையில் பார்த்தால் இதன் பொருள் இன்னும் தெளிவு. ஃபார்வர்டு 100, வட்டியும் டிவிடெண்டும் பூஜ்யம் என்றால், 30 நாள் கால் 3.659, 60 நாள் கால் 3.557. குறுகியதை விற்று நீண்டதை வாங்கினால் இன்றே 0.10 கையில் நிற்கிறது. 30-ஆம் நாளில் விற்ற கால் எவ்வளவு பணம் கேட்டாலும், கையில் இருக்கும் 60 நாள் காலின் மதிப்பு அதற்குக் குறையாது.

இப்போது ஸ்ப்ரெட்டைச் சேர்ப்போம். இரண்டு பக்கமும் மிட்டிலிருந்து அரைப் புள்ளி தள்ளி விலை இருக்கிறது என்றால், குறுகியதை விற்கக் கிடைப்பது 31.5%, நீண்டதை வாங்க ஆவது 22.5%. 31.5² × 30 = 29,767.5. 22.5² × 60 = 30,375. மீறல் மறைந்துவிட்டது. இங்கே யாருக்கும் இலவசப் பணம் கிடையாது, தந்தவர் மேல் புகார் சொல்லவும் இடமில்லை. ஆனாலும் மிட்டை அப்படியே எடுத்து லோக்கல் வொலட்டிலிட்டிக்குள் போட்டால் 30-க்கும் 60-க்கும் இடையில் வேரியன்ஸ் எதிர்மறையாகும்.

இரண்டு எக்ஸ்பைரிகளின் ஸ்ட்ரைக்குகளும் ஒரே k-யில் விழுவதே இல்லை. எதை எதோடு ஒப்பிடுவது?

ஒரே K-யை ஒப்பிடாதீர்கள். ஃபார்வர்டு மாறும்போது 110 என்ற ஸ்ட்ரைக் ஓர் எக்ஸ்பைரியில் k = 0.095 ஆகவும் இன்னொன்றில் 0.08 ஆகவும் இருக்கும். சரிவான ஸ்மைலில் இது போதும், இல்லாத மீறலைக் காட்டிவிடும்.

பலரும் செய்வது, நீண்ட எக்ஸ்பைரியின் ஸ்மைலை இடைக்கணிப்பு செய்து தேவையான k-யில் வாசிப்பது. மிட் சோதனைக்கு அது சரி, உங்கள் மாடலும் அதைத்தான் செய்யப்போகிறது. வர்த்தகம் செய்யத்தக்க மீறலைத் தேடும்போது மட்டும் அது வேண்டாம். மீறல் விலையில் இருக்கிறதா, உங்கள் வளைகோட்டில் இருக்கிறதா என்று பிரிக்க முடியாமல் போகும்.

அதற்கு ஒரு நேர்மையான வழி உண்டு. விலைகளை c = C/(D·F), x = K/F என்று மாற்றுங்கள். குறுகிய எக்ஸ்பைரியில் ஒரு x எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட எக்ஸ்பைரியில் அந்த x-க்கு இரண்டு பக்கமும் உள்ள x₁, x₃ என்ற ஸ்ட்ரைக்குகளின் ஆஸ்க் விலைகளை நேர்கோட்டால் இணையுங்கள். கால் பேஆஃப் குவிவாக வளைவதால், அந்த இரண்டையும் தக்க எடையில் வாங்கினால் கிடைக்கும் தொகுப்பு x ஸ்ட்ரைக் காலைவிட ஒருபோதும் குறைவாகத் தராது. ஆகவே நேர்கோட்டில் வாசித்த அந்த ஆஸ்க், குறுகிய எக்ஸ்பைரியின் பிட்டைவிடச் சிறியதாக இருந்தால் மீறல் நிஜம். எந்த ஸ்மைல் மாடலும் இதில் நுழையவில்லை.

டெல்டாவில் கோட் செய்யப்பட்ட சர்ஃபேஸில் ஒரே டெல்டாவை எக்ஸ்பைரிகளுக்கிடையே ஒப்பிடலாமா?

கூடாது. 25 டெல்டா என்பது ஒவ்வொரு எக்ஸ்பைரியிலும் வேறு k. முதலில் டெல்டாவை ஸ்ட்ரைக்காக மாற்றுங்கள். எந்த வகை டெல்டா (ஸ்பாட்டா, ஃபார்வர்டா, பிரீமியம் கழித்ததா) என்று தெரியாமல் மாற்றினால் ஸ்மைல் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அந்நியச் செலாவணியில் புரோக்கர் சொல்லும் பட்டர்ஃபிளை எண்ணும், ஸ்மைலிலிருந்து வாசிக்கும் பட்டர்ஃபிளையும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். சரிவு பெரிதாக இருக்கும்போது இந்த வேறுபாடு விங்குகளை நன்றாகவே கெடுக்கும்.

பட்டர்ஃபிளை மீறல் வொலட்டிலிட்டி எண்களைப் பார்த்தாலே தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. ஃபார்வர்டு 100, T = 0.25, டிஸ்கவுன்ட் இல்லை என்று வைத்து இந்த மூன்றைப் பாருங்கள்: 109-இல் 20.0%, 110-இல் 20.1%, 111-இல் 20.0%. திரையில் இதை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

விலையாக்கினால் 1.1232, 0.9672, 0.8066. 109-லிருந்து 110-க்குப் போகும்போது விலை 0.1560 இறங்குகிறது. 110-லிருந்து 111-க்கு 0.1606 இறங்குகிறது. ஸ்ட்ரைக் ஏற ஏற இறக்கம் தணிய வேண்டும், இங்கே கூடியிருக்கிறது. 109-இலும் 111-இலும் ஒவ்வொன்று வாங்கி, 110-இல் இரண்டு விற்றால் செலவு −0.0046. ஒருபோதும் நஷ்டம் தராத பேஆஃபை, மேற்கொண்டு பணமும் வாங்கிக்கொண்டு எடுத்துப்போகிறோம்.

வொலட்டிலிட்டி எங்கும் 20.0% ஆகவே இருந்திருந்தால் இந்தப் பட்டர்ஃபிளை +0.0219 விலை பெறும். 110-இல் ஒரு வொலட்டிலிட்டிப் புள்ளிக்கு வேகா 0.133. அதில் பத்தில் ஒரு பங்கு 0.0133, நடுவில் இரண்டு ஆப்ஷன் இருப்பதால் 0.0265. அடர்த்தி கொடுத்த இடம் 0.0219 தான் என்பதால் கணக்கு உதைத்துவிட்டது.

ஸ்ட்ரைக்குகள் சம இடைவெளியில் இல்லாதபோது C₁ − 2C₂ + C₃ என்ற சூத்திரத்தைப் போடாதீர்கள். விங்குகளில் இடைவெளி 5-லிருந்து 10-ஆக மாறும் இடத்தில் அது பிழையான விடை தரும். (C₁ − C₂)/(K₂ − K₁) என்பது (C₂ − C₃)/(K₃ − K₂)-ஐவிடக் குறையக் கூடாது என்பதே எல்லா இடைவெளிக்கும் பொருந்தும் வடிவம்.

எவ்வளவு சிறிய மீறலை மன்னிக்கலாம்? ஒரே டாலரன்ஸ் வைத்தால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள நேர்ந்தால் இதை வைத்துக்கொள்ளலாம்: h இடைவெளியுள்ள பட்டர்ஃபிளையின் விலை ஏறத்தாழ அடர்த்தி × h². மேலே சொன்ன 110-இல் அடர்த்தி 0.0219. இடைவெளி 5 என்றால் பட்டர்ஃபிளை 0.55. அதை எதிர்மறையாக்க நடு ஸ்ட்ரைக் இரண்டு வொலட்டிலிட்டிப் புள்ளிக்கு மேல் பிசக வேண்டும். இடைவெளி 1 என்றால் 0.08 புள்ளியே போதும்.

இதிலிருந்து ஒரு விபரீதம் பிறக்கிறது. வொலட்டிலிட்டியை ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கித் தரும் சர்ஃபேஸில், ஒவ்வொரு எண்ணிலும் 0.05 வரை பிழை இருக்கலாம். மூன்று ஸ்ட்ரைக்குகளிலும் அது மோசமான திசையில் சேர்ந்தால் நான்கு மடங்கு, அதாவது 0.2 புள்ளி, விலையில் 0.0265. சந்தையில் எந்தப் பிழையும் இல்லாமல், முழுமையாக்கலே மீறலை உண்டாக்கிவிட்டது. அருகருகே ஸ்ட்ரைக் உள்ள குறுகிய எக்ஸ்பைரிகளில் இதுதான் பெரும்பாலான பொய் எச்சரிக்கைகளுக்குக் காரணம்.

ஆகவே டாலரன்ஸை விலை அலகில் வையுங்கள், ஒவ்வொரு மும்மைக்கும் தனியாக. தரவின் முழுமையாக்கல் அளவை அந்த ஸ்ட்ரைக்கின் வேகாவால் பெருக்கி வருவது ஒரு நியாயமான அளவு. விலையாகவே தரவு வந்தால் டிக் அளவில் பாதி. அடர்த்தியில் டாலரன்ஸ் வைத்தால், விலையில் ஒன்றுமே இல்லாத பிழை h²-ஆல் வகுபட்டுப் பூதமாகத் தெரியும்.

இதை நிரலில் எப்படி எழுதுவது?

நடு ஸ்ட்ரைக்கை இரண்டு பக்கத்தின் எடைச் சராசரியாக எழுதிவிட்டால் இடைவெளிச் சிக்கல் தானாகத் தீரும்.

```python
from itertools import combinations

def fly(K, bid, ask):
    for i, j, l in combinations(range(len(K)), 3):
        a = (K[l] - K[j]) / (K[l] - K[i])
        m = [(b + s) / 2 for b, s in zip(bid, ask)]
        mid = a*m[i] + (1 - a)*m[l] - m[j]
        trade = a*ask[i] + (1 - a)*ask[l] - bid[j]
        yield K[i], K[j], K[l], mid, trade
```

`mid` எதிர்மறை என்றால் மாடலுக்குச் செரிக்காது. `trade` எதிர்மறை என்றால் விலையே தப்பு. நம் 109/110/111-க்கு `mid` மதிப்பு −0.0023 வரும், எடைகள் பாதிப் பாதி என்பதால்.

மிட்டுக்கு அடுத்தடுத்த மும்மைகளைப் பார்த்தாலே போதும். அவை எல்லாம் தேறினால் வளைவு முழுவதும் தேறியதாகிவிடும். பிட், ஆஸ்க்குக்கு அது பொருந்தாது, அதனால்தான் மேலே எல்லா மும்மைகளும் ஓடுகின்றன. நடுவில் ஒரு ஸ்ட்ரைக்குக்கு ஸ்ப்ரெட் மிக அகலமாக இருந்தால், அதைத் தொடும் எந்த மும்மையும் எதையும் காட்டாது. அதைத் தாண்டிக் குதித்து எடுத்த மும்மையில் மீறல் இருக்கலாம். காலண்டரிலும் இதே கதை: மிட்டுக்கு அடுத்தடுத்த எக்ஸ்பைரிகள், பிட் ஆஸ்க்குக்கு எல்லா ஜோடிகளும்.

கூடவே இரண்டு எளிய சோதனைகளையும் சேர்த்துவிடுங்கள். கால் விலை ஸ்ட்ரைக் ஏறும்போது ஏறக் கூடாது. K ஒரு அலகு ஏறினால் D-க்கு மேல் இறங்கவும் கூடாது.

மீறல் ஒவ்வொரு எக்ஸ்பைரியிலும் ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் மட்டும் வருகிறது. என்ன காரணம்?

உங்கள் ஃபார்வர்டு தப்பு. பெரும்பாலான சர்ஃபேஸ்கள் ஃபார்வர்டுக்குக் கீழே புட், மேலே கால் எடுக்கின்றன. ஃபார்வர்டை 0.1 கூடுதலாக எடுத்தால், முந்தைய உதாரணத்தின் அளவுகளில், கால் வொலட்டிலிட்டி சுமார் 0.25 புள்ளி இறங்கும், புட் வொலட்டிலிட்டி அதே அளவு ஏறும். மாறும் இடத்தில் அரைப் புள்ளி படிக்கட்டு.

விலையில் அது எப்படித் தெரியும் என்று பாருங்கள். எல்லாவற்றையும் கால் விலையாக மாற்றினால், புட்டிலிருந்து வந்தவை 0.1 கூடுதலாக நிற்கும். ஸ்ட்ரைக் இடைவெளி 1 என்றால் ஃபார்வர்டில் பட்டர்ஃபிளையின் இயல்பான விலை 0.04 தான். ஆகவே கடைசிப் புட் ஸ்ட்ரைக்கில் −0.06, அதற்கு அடுத்த ஸ்ட்ரைக்கில் +0.14. எதிர்மறையும் அதை ஒட்டியே பெரிய நேர்மறையும் ஜோடியாக வந்தால், அது ஃபார்வர்டின் கைரேகை. ஃபார்வர்டு குறைவாக இருந்தால் வரிசை தலைகீழாகும்.

தனி ஒரு ஸ்ட்ரைக்கில் மட்டும் மீறல் என்றால் பழைய விலை அல்லது தட்டச்சுப் பிழை. ஓர் எக்ஸ்பைரி முழுவதும் அக்கம்பக்கத்தோடு காலண்டர் மீறினால் அந்த எக்ஸ்பைரியின் பதிவு நேரத்தைப் பாருங்கள், மற்றவை நகர்ந்தபோது அது நகர்ந்திருக்காது. விங்கில் கடைசி ஒன்றிரண்டு ஸ்ட்ரைக்கில் மட்டும் என்றால் டிக் அளவுதான் காரணம், விலை 0.05 உள்ள ஆப்ஷனில் டிக் 0.05 என்றால் அந்த எண்ணில் தகவலே இல்லை.

நாங்கள் எஸ்விஐ வளைவு பொருத்திவிடுகிறோம். வழவழப்பான வளைவில் மீறல் எப்படி இருக்க முடியும்?

வழவழப்பு வேறு, குவிவு விதி வேறு. இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட ஒரு உதாரணமே உண்டு. w(k) = a + b(ρ(k−m) + √((k−m)² + σ²)) என்ற வடிவில் a = −0.0410, b = 0.1331, m = 0.3586, ρ = 0.3060, σ = 0.4153, T = 1. (இந்த σ வளைவின் அளவுரு, வொலட்டிலிட்டி அல்ல.) படம் போட்டால் அழகான ஸ்மைல்.

k = 0.8-இல் கணக்கிடுங்கள். w = 0.0576, w' = 0.1377, w'' = 0.1031. g-யின் முதல் பகுதி 0.0020, இரண்டாவது −0.0834, மூன்றாவது +0.0516. கூட்டினால் −0.030. ஃபார்வர்டு 100 என்றால் இது 223 ஸ்ட்ரைக்கில் எதிர்மறை அடர்த்தி.

இதில் கவனிக்க வேண்டியது, ரோஜர் லீ 2004-இல் வெளியிட்ட விங் வரம்பு இதைப் பிடிக்காது என்பது. அந்த வரம்பின்படி w-இன் விங் சரிவு 2-ஐத் தாண்டக் கூடாது. இங்கே சரிவு b(1+ρ) = 0.174 மட்டுமே. விங் சரிவு தேறியதால் ஸ்மைல் தேறியது என்று எழுதிவைத்திருக்கும் சோதனைகள் இந்த உதாரணத்தை வழியனுப்பி வைத்துவிடும். ஆகவே பொருத்திய பிறகு g-யை நெருக்கமான கட்டத்தில், கோட் உள்ள கடைசி ஸ்ட்ரைக்கையும் தாண்டி, உங்கள் மாடல் எட்டிப்பார்க்கும் எல்லை வரை ஓட்ட வேண்டும். எஸ்விஐயில் w', w'' இரண்டுக்கும் நேரடிச் சூத்திரம் இருப்பதால் எண்முறை வகையீடு வேண்டாம்.

மூல விலைகள் தேறிவிட்டன. இடைக்கணிப்புக்குப் பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். சுத்தமான புள்ளிகளுக்கு நடுவே அழுக்கை நாமே கொண்டுவந்து சேர்க்கும் இடம் இது.

காலத்தில் வொலட்டிலிட்டியை நேர்கோட்டில் இழுப்பது பழைய தவறு. 30 நாளில் 40%, 60 நாளில் 29% என்றால் 48,000-மும் 50,460-மும், ஏறுவரிசை. 45-ஆம் நாளுக்கு நேர்கோட்டில் 34.5% எடுத்தால் 53,561 வரும், 60 நாளைவிடப் பெரியது. w-இல் நேர்கோடு போட்டால் 49,230, அதாவது 33.08%. நிலையான k-யில் w-ஐ நேர்கோட்டில் இணைத்தால் காலண்டர் வரிசை கெடாது. பட்டர்ஃபிளைக்கு அது உத்தரவாதம் தராது. c(x) விலையையே நேர்கோட்டில் இணைத்தால் இரண்டும் காப்பாற்றப்படும், குவிவான இரண்டு வளைவுகளின் எடைச் சராசரியும் குவிவே.

கடைசி ஸ்ட்ரைக்குக்கு அப்பால் வொலட்டிலிட்டியைத் தட்டையாக நீட்டுவது பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். 115 வரை ஸ்மைல் ஒரு ஸ்ட்ரைக்குக்கு 0.1 புள்ளி ஏறி, 115-இல் 20% ஆகி, அங்கிருந்து தட்டையாகிறது என்றால், அந்த முறிவில் கால் விலையின் சாய்வு வேகா × 0.1, அதாவது 0.008 கீழே குதிக்கும். 115 என்ற ஒற்றைப் புள்ளியில் −0.8% நிகழ்தகவு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஒரு டிஜிட்டல் விலை போட்டால் தெரியும். அதற்குப் பயந்து வொலட்டிலிட்டியை k-யில் நேர்கோடாக நீட்டினால் w, k²-ஆக வளர்ந்து எங்கோ ஓரிடத்தில் லீ வரம்பை உடைக்கும். w-ஐ கடைசிச் சரிவிலேயே நேர்கோடாக நீட்டி, g-யைச் சோதிப்பதே நடைமுறைக்கு ஒத்துவருவது.

அமெரிக்க வகை ஆப்ஷன், ரொக்க டிவிடெண்ட் இருந்தாலும் இதே சோதனைதானா?

பட்டர்ஃபிளை, காலண்டர் விதிகள் இங்கே எழுதியபடி ஐரோப்பிய விலைக்கானவை. அமெரிக்க வகையில் C − P சமன்பாடு நிற்காது, ஆகவே ஃபார்வர்டும் தப்பாகும். முதலில் மரமுறை போன்ற ஒன்றால் முன்கூட்டிய பயன்படுத்தல் மதிப்பைக் கழித்து, வரும் வொலட்டிலிட்டியில் ஐரோப்பிய விலையை உண்டாக்கிச் சோதியுங்கள்.

ரொக்க டிவிடெண்டில் பட்டர்ஃபிளை அப்படியே நிற்கும், காலண்டர் நிற்காது. நிலையான K/F ஒப்பீடு, டிவிடெண்ட் பங்கு விலையின் விகிதமாக இருக்கும்போதுதான் துல்லியம். தொகை நிலையானதாக இருந்தால், ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் அதன் பிறகு வரவிருக்கும் டிவிடெண்டுகளின் அன்றைய மதிப்பை A என்று எடுத்து, (K − A)/(F − A) என்ற அளவில், விலையை D·(F − A)-ஆல் வகுத்து ஒப்பிட வேண்டும்.

மீறல் கிடைத்துவிட்டது. திருத்துவதா, தூக்கி எறிவதா?

`trade` எதிர்மறையாக இருந்தால் திருத்தாதீர்கள். பிட், ஆஸ்க்குக்குள் எந்த விலையைத் தேர்ந்தாலும் அது சரியாகாது, ஆகவே உள்ளீட்டில் எங்கோ பிழை: பழைய விலை, தவறான ஃபார்வர்டு, ஒரே நேரத்தில் எடுக்கப்படாத எக்ஸ்பைரிகள். காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் புள்ளியை விலக்குங்கள். வளைவு பொருத்திப் பூசி மெழுகினால் பிழை அக்கம்பக்கத்து ஸ்ட்ரைக்குகளுக்குப் பரவும்.

`mid` மட்டும் எதிர்மறை என்றால் திருத்தலாம். ஒவ்வொரு விலையும் தன் பிட், ஆஸ்க்குக்குள்ளேயே இருக்க வேண்டும், குவிவும் காலண்டர் வரிசையும் நிற்க வேண்டும், மிட்டிலிருந்து மொத்த நகர்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும். விலையில் எழுதும்போது இவை எல்லாம் நேரியல் நிபந்தனைகள், சாதாரண நேரியல் நிரலாக்கத் தீர்வி போதும். நம் 110 ஸ்ட்ரைக்கில் 0.9672-ஐ 0.9649-க்கு இறக்கினாலே பட்டர்ஃபிளை பூஜ்யத்தைத் தொட்டுவிடும், வொலட்டிலிட்டியில் அது 0.02 புள்ளிக்கும் குறைவு. ஆனால் பூஜ்யத்தில் நிறுத்தினால் அங்கே அடர்த்தியும் பூஜ்யம், லோக்கல் வொலட்டிலிட்டி முடிவிலிக்கு ஓடும். g-க்கு ஒரு சிறிய நேர்மறைத் தளம் வைத்து, அதற்கு மேலே நிறுத்துங்கள். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்பதையும் சர்ஃபேஸோடு சேர்த்தே சேமியுங்கள். அதே ஸ்ட்ரைக் தினமும் நகர்ந்தால், திருத்த வேண்டியது விலையை அல்ல, அதைக் கொண்டுவரும் குழாயை.